மீதி நிறை ஏன் தப்பாக வருகிறது? கட்டுப்பாட்டுக் காரணிக் கணக்கில் பிழையைப் பிடிக்கும் வழி

இரண்டு திண்மங்கள் வினைபுரிகின்றன. இரண்டின் நிறையும் தெரியும். எது முதலில் தீரும், மற்றது எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. முறை எல்லோருக்கும் மனப்பாடம்: மோலாக மாற்று, ஒப்பிடு, கழி. இருந்தும் விடைத்தாளில் இந்தக் கணக்கு தப்பாக வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நல்ல விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு பிழையும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. விடையைப் பார்த்தே எந்த அடியில் சறுக்கினீர்கள் என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முதலில் சரியான கணக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். 40.0 கிராம் இரும்பு ஆக்சைடுத் தூளையும் 10.8 கிராம் அலுமினியத் தூளையும் எடுத்துக்கொள்வோம். தண்டவாளங்களைப் பற்றவைக்கப் பயன்படும் தெர்மைட் வினை இது. வெப்பநிலை 2000 °C-ஐத் தாண்டும்; எனவே இது காகிதத்தில் மட்டும் செய்து பார்க்க வேண்டியது.

```
Fe2O3 + 2 Al → Al2O3 + 2 Fe

Fe2O3 : 40.0 / 160 = 0.25 mol    0.25 / 1 = 0.25
Al    : 10.8 / 27  = 0.40 mol    0.40 / 2 = 0.20
```

வலப்பக்கம் உள்ள எண்களை இப்படிப் படியுங்கள்: இரும்பு ஆக்சைடை மட்டும் பார்த்தால் இந்த வினை 0.25 மோல் அளவுக்கு நடக்கலாம். அலுமினியத்தை மட்டும் பார்த்தால் 0.20 மோல் அளவுக்குத்தான் நடக்க முடியும். சிறியது எதுவோ அதோடு வினை நின்றுவிடும். ஆகவே அலுமினியம்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. வினை 0.20 மோல் நடந்தால் செலவாகும் இரும்பு ஆக்சைடும் 0.20 மோல், அதாவது 32.0 கிராம். மிஞ்சுவது 8.0 கிராம்.

இதே வினையை வைத்து, தப்பாக வரும் விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## அறிகுறி: மீதி நிறை மைனஸில் வருகிறது

உங்கள் விடை −2.7 கிராம் அலுமினியம் என்று வந்திருந்தால், கட்டுப்பாட்டுக் காரணியை மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். வேறு எங்கும் தேட வேண்டாம்.

எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பதும் எளிது. 0.25, 0.40 என்ற இரண்டு மோல் எண்களையும் பார்த்தீர்கள். 0.25 சிறியது, எனவே இரும்பு ஆக்சைடுதான் முதலில் தீரும் என்று முடிவு செய்தீர்கள். குணகத்தால் வகுக்கும் அடி விட்டுப்போயிற்று. ஒரு மோல் இரும்பு ஆக்சைடு இரண்டு மோல் அலுமினியத்தைக் கேட்கிறது. 0.25 மோலும் தீர வேண்டுமென்றால் 0.50 மோல் அலுமினியம், அதாவது 13.5 கிராம் வேண்டும். கையில் இருப்பதோ 10.8. அந்தப் பற்றாக்குறைதான் மைனஸ் 2.7.

இந்த மைனஸ் குறி ஒரு செய்தி. "என்னிடம் இவ்வளவு இல்லை, இன்னும் 2.7 கிராம் கொண்டு வா" என்று அலுமினியம் சொல்கிறது. பலர் செய்வது என்ன? நிறை எப்படி மைனஸில் வரும் என்று குறியை மட்டும் அழித்துவிட்டு, 2.7 கிராம் மிச்சம் என்று எழுதிவிடுகிறார்கள். மைனஸோடு விட்டிருந்தாலாவது தப்பு கண்ணில் படும். குறியை அழித்தபின் விடை பார்வைக்கு ஒழுங்காக உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பிடிக்க அடுத்த சோதனை வேண்டும்.

திருத்தம் சுலபம். கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மைனஸ் வந்த பொருளையே கட்டுப்பாட்டுக் காரணியாக வைத்து, மற்றதற்குக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

## அறிகுறி: மொத்த நிறை கூடிவிடுகிறது

மீதியைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், வினைவிளைபொருள்களின் நிறையையும் கண்டுபிடித்துக் கூட்டிப் பாருங்கள். கேள்வியில் கேட்கவில்லை என்றாலும் செய்யுங்கள். ஒரு நிமிட வேலைதான். நம் கணக்கில்:

```
Al2O3 : 0.20 × 102 = 20.4 g
Fe    : 0.40 × 56  = 22.4 g
மீதி Fe2O3        =  8.0 g
மொத்தம்           = 50.8 g
```

தொடக்கத்தில் போட்டது 40.0 + 10.8 = 50.8. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால், எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். தடயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன மைனஸ் அழித்த ஆளை எடுத்துக்கொள்வோம். இரும்பு ஆக்சைடு முழுக்கத் தீர்ந்தது என்று வைத்ததால் அவருக்கு அலுமினியம் ஆக்சைடு 25.5 கிராம், இரும்பு 28.0 கிராம், மீதி 2.7 கிராம். கூட்டினால் 56.2. தொடக்கத்தைவிட 5.4 கிராம் அதிகம். 5.4 என்பது அவர் எழுதிய மீதியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. அழித்த குறியை மறுபடி போட்டால் கூட்டுத்தொகை 50.8-க்கு வந்துவிடும் அல்லவா? அதனால்தான். மொத்தம், மீதியின் இரு மடங்கு அளவுக்கு மிஞ்சினால், எங்கேயோ ஒரு மைனஸ் குறி காணாமல் போயிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. குறியை அழிக்காமல் −2.7 என்றே வைத்துக் கூட்டினால் மொத்தம் சரியாகவே வரும்: 25.5 + 28.0 − 2.7 = 50.8. கட்டுப்பாட்டுக் காரணி தப்பு, ஆனால் நிறைச் சோதனை தேறிவிட்டது! ஆகவே கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, மீதி நேர்க்குறியில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும்.

மொத்தம் வேறு அளவில் கூடியிருந்தால், மூன்று இடங்களைப் பார்ப்பேன். முதலாவது, நேராகக் கிராமிலிருந்து கிராமைக் கழித்தது: 40.0 − 10.8 = 29.2. ஒரு கிராமுக்கு ஒரு கிராம் செலவாகும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. உண்மையில் இங்கே 27 கிராம் அலுமினியம் 80 கிராம் இரும்பு ஆக்சைடைத் தீர்க்கும். இந்த விடையோடு கூட்டினால் 72.0 வரும், தப்பு பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது, குணகத்தைத் தலைகீழாகப் போட்டது. இரண்டால் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிடுவது. 0.25 மோல் இரும்பு ஆக்சைடுக்கு 0.125 மோல் அலுமினியம் போதும் என்று வந்துவிடும்; மீதி அலுமினியம் 7.4 கிராம் என்று அழகாக நேர்க்குறியில் நிற்கும். குறிச் சோதனை இதைப் பிடிக்காது. ஆனால் கூட்டினால் ஏறக்குறைய 60.9.

மூன்றாவது, மோலார் நிறை. `Fe2O3`-இல் இரும்பு இரண்டு என்பதை மறந்து 56 + 48 = 104 என்று போடுவது. அப்போது செலவு 20.8 கிராம், மீதி 19.2 கிராம், மொத்தம் 62.0. அதிகம் வந்தது 11.2 கிராம். 0.20 மோல் இரும்பின் நிறை அது, 0.20 × 56. விட்டுப்போன அணுவே தன் எடையைக் காட்டிக்கொடுக்கிறது. வித்தியாசத்தை வினை நடந்த மோலால் வகுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு தனிமத்தின் அணு நிறை வந்தால், வாய்பாட்டில் அந்தத் தனிமத்தை எண்ணும்போதுதான் தவறியிருக்கிறீர்கள்.

## அறிகுறி: மொத்தம் குறைகிறது

இது குணகத்தால் வகுக்கத் தெரிந்தவர்களுக்கே வரும் பிழை. 0.40 / 2 = 0.20 என்று சரியாக வகுத்து, அலுமினியம்தான் கட்டுப்பாட்டுக் காரணி என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் அந்த 0.20-ஐ அலுமினியத்தின் மோல் என்று நினைத்துக்கொள்வார்கள். "0.20 மோல் அலுமினியத்துக்கு 0.10 மோல் இரும்பு ஆக்சைடு" என்று மறுபடியும் ஒருமுறை இரண்டால் வகுத்தால் மீதி 24.0 கிராம் ஆகிவிடும்.

கூட்டிப் பார்த்தால் 10.2 + 11.2 + 24.0 = 45.4. குறைவது 5.4 கிராம், அதாவது போட்ட அலுமினியத்தில் சரிபாதி. பாதி அலுமினியம் கணக்கிலேயே வரவில்லை. (மைனஸ் அழித்த பிழையிலும் 5.4 வந்தது தற்செயல். அங்கே கூடியது, இங்கே குறைந்தது.) 0.20 என்பது எந்தப் பொருளின் மோலும் அல்ல, வினை எவ்வளவு நடந்தது என்பதன் அளவு. அதன் பக்கத்தில் பொருளின் பெயரை எழுதாமல் "வினை 0.20 மோல்" என்று எழுதும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை வராது.

சமன்பாட்டைச் சமன் செய்யாமல் 1:1 என்று போட்டாலும் மொத்தம் குறையும். இந்த எண்களுக்கு 43.55 வரும். சமன்படாத சமன்பாட்டில் இடப்பக்கம் வந்த அணு வலப்பக்கம் போய்ச் சேருவதில்லை, எடை உதைக்கத்தான் செய்யும்.

## அறிகுறி: இரண்டு சோதனையும் தேறுகிறது, விடை மட்டும் தப்பு

இதுதான் மோசமான வகை. மீதி நேர்க்குறியில் இருக்கும், மொத்தமும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். ஆனாலும் தப்பு. இதற்கு வேறு ஒரு வினை வேண்டும்.

பேரியம் ஹைட்ராக்சைடு, அம்மோனியம் தயோசயனேட் என்ற இரண்டு திண்மங்களையும் ஒரு பீக்கரில் போட்டுக் கலக்கினால், அறை வெப்பநிலையிலேயே வினை நடந்து, கலவை −20 °C-க்கும் கீழே குளிர்ந்துவிடும். ஈரப்படுத்திய பலகையின் மேல் பீக்கரை வைத்தால் அடியில் நீர் உறைந்து, பீக்கரைத் தூக்கும்போது பலகையும் சேர்ந்து வரும். வகுப்பில் காட்டும் பிரபலமான செய்முறை. பேரியம் சேர்மங்கள் நச்சு, அம்மோனியாவும் வெளியேறும் என்பதால் புகைப்போக்கி அறையில்தான் செய்வார்கள்.

32.0 கிராம் பேரியம் ஹைட்ராக்சைடும் 17.0 கிராம் அம்மோனியம் தயோசயனேட்டும் எடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். `Ba(OH)2`-க்கு மோலார் நிறை 171.3 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் 0.187 மோல் வருகிறது. தயோசயனேட் 17.0 / 76.1 = 0.2234 மோல், இரண்டால் வகுத்தால் 0.112. எனவே தயோசயனேட் முதலில் தீரும், பேரியம் ஹைட்ராக்சைடு 12.9 கிராம் மிஞ்சும். மைனஸ் இல்லை. விளைபொருள்களைக் கூட்டினால் சரியாக 49.0 கிராம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது புட்டியை எடுத்து லேபிளைப் படியுங்கள். `Ba(OH)2·8H2O` என்று இருக்கும். இந்தச் செய்முறைக்குப் பயன்படுத்துவது எட்டு மூலக்கூறு படிக நீரோடு கூடிய பேரியம் ஹைட்ராக்சைடு. அதன் மோலார் நிறை 315.5.

```
Ba(OH)2·8H2O + 2 NH4SCN → Ba(SCN)2 + 2 NH3 + 10 H2O

Ba(OH)2·8H2O : 32.0 / 315.5 = 0.1014     / 1 = 0.1014
NH4SCN       : 17.0 / 76.1  = 0.2234     / 2 = 0.1117
```

கட்டுப்பாட்டுக் காரணியே தலைகீழாகிவிட்டது. தீர்வது பேரியம் ஹைட்ராக்சைடு; மிஞ்சுவது தயோசயனேட், அதுவும் 1.6 கிராம்தான். 12.9 எங்கே, 1.6 எங்கே! முன்பு நம் சோதனைகள் ஏன் தேறின என்றால், நீரில்லாத பொருளை எடுத்ததாக நினைத்து, நீரில்லாத சமன்பாட்டையே எழுதி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி தப்பாகச் செய்தோம். கணக்குத் தனக்குத்தானே ஒத்துப்போயிற்று, புட்டியில் இருந்த பொருளோடுதான் ஒத்துப்போகவில்லை. நிறைச் சோதனை கணக்கின் உள்ளே இருக்கும் ஓட்டையைப் பார்க்கும். தராசில் என்ன வைத்தோம் என்பது அதற்குத் தெரியாது.

தூய்மை சதவீதமும் இதே குடும்பம். லேபிளில் 95% என்று இருந்தால், எடுத்த நிறையை 0.95-ஆல் பெருக்கிய பிறகே மோலுக்குப் போக வேண்டும். மிச்ச 5% கடைசியில் மீதியோடு சேர்ந்து தட்டில் கிடக்கும், ஆனால் அது மீதி வினைபடுபொருள் அல்ல.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். இடையில் 0.1014-ஐ 0.101 என்றும், 0.2234-ஐ 0.22 என்றும் சுருக்கினால் மீதி 0.018 மோல், 1.37 கிராம் என்று வரும். சுருக்காமல் போட்டால் 1.56. எண்களை நாம் தொட்டது ஒரு சதவீதம் சொச்சம்தான், விடை நகர்ந்தது பன்னிரண்டு சதவீதம். மீதி என்பது ஏறக்குறைய சமமான இரண்டு எண்களின் வித்தியாசம். இரண்டு பொருளும் சரியான விகிதத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு இந்த ஆட்டம் பெரிதாகும். கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

## அறிகுறி: கணக்கு சரி, தராசு ஒத்துக்கொள்ளவில்லை

இரும்புத் தூளும் கந்தகத் தூளும் சேர்த்துச் சூடாக்கும் பழைய செய்முறைக்கு வருவோம். 5.6 கிராம் இரும்பு, 4.0 கிராம் கந்தகம்.

```
Fe + S → FeS
Fe : 5.6 / 56 = 0.100 mol
S  : 4.0 / 32 = 0.125 mol
```

குணகங்கள் இரண்டும் ஒன்று என்பதால் நேராக ஒப்பிடலாம். இரும்பு தீரும், கந்தகம் 0.025 மோல், 0.8 கிராம் மிஞ்சும். இரும்பு சல்பைடு 8.8 கிராம். மொத்தம் 9.6. நிறையில் சிறியதாக இருந்தது கந்தகம், மிஞ்சியதும் அதுதான் என்பதைக் கவனியுங்கள். தெர்மைட் கணக்கில் நிறை குறைவான அலுமினியமே முதலில் தீர்ந்ததால், "எடை குறைந்தது எதுவோ அதுதான் காரணி" என்று சொன்னவருக்கும் அங்கே மதிப்பெண் கிடைத்திருக்கும். இங்கே கிடைக்காது.

சோதனைக் குழாயை ஆறவைத்து எடை போட்டால் 9.6-க்குப் பதில் 9.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கில் பிழை தேடுவது வீண். கந்தகம் 445 °C-இல் கொதிக்கும், வினை நடக்கும்போது கலவை செஞ்சூடாகிறது. மிஞ்சிய கந்தகத்தில் ஒரு பகுதி ஆவியாகிக் குழாயின் மேல்பகுதியில் மஞ்சளாகப் படியும். இன்னொரு பகுதி காற்றோடு எரிந்து சல்பர் டைஆக்சைடாகப் போய்விடும், மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். குழாயோடு சேர்த்து எடை போட்டால் படிந்தது கணக்கில் வரும், எரிந்து போனது வராது. ஆகவே மீதிக் கந்தகத்தைத் தராசில் அளந்தால் கணக்கைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்று எதிர்பார்த்து இருக்க வேண்டும்.

எதிர்மாறாகவும் நடக்கும். விளைபொருளை உரலில் இடித்துத் தூளாக்கிக் காந்தத்தைக் காட்டும்போது, சாம்பல் நிறத் துகள்கள் இரும்புத் தூளுக்கே உரிய வேகத்தில் பாய்ந்து ஒட்டினால், தீர்ந்திருக்க வேண்டிய இரும்பு தீரவில்லை என்று பொருள். திண்மங்கள் தொடும் இடத்தில்தான் வினைபுரியும். கரைசலில் துகள்கள் தாமாகவே ஒன்றையொன்று தேடிப் போகும், இங்கே அது கிடையாது. இரும்புத் துகள் பெரிதாக இருந்தால் அதன் மேல் சல்பைடுப் படலம் மூடிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். காந்தத்தில் 0.5 கிராம் இரும்பு ஒட்டி வந்தது என்றால், அதற்குரிய கந்தகமும் செலவாகவில்லை: 0.5 × 32 / 56, ஏறக்குறைய 0.29 கிராம். அப்போது வினைபுரியாத கந்தகம் 0.8 அல்ல, 1.09 கிராம். அதில் எவ்வளவு ஆவியாகப் போனது என்பது தனிக்கதை.

அதாவது, தட்டில் இரண்டு பொருளுமே மிஞ்சியிருந்தாலும் உங்கள் கட்டுப்பாட்டுக் காரணி தப்பு என்று ஆகாது. வினை முழுமையாக நடந்தால் எது மிஞ்சும் என்பதைத்தான் கணக்குச் சொல்கிறது. இரண்டையும் நன்றாக அரைத்து, சீராகக் கலந்து மறுபடி செய்து பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது குறைந்தால் குற்றவாளி துகளின் பருமன். எவ்வளவு அரைத்தும் இறங்கவில்லை என்றால், முதலில் இரும்பை எடைபோட்ட தாளுக்குத் திரும்பிப் போய், 5.6 என்று எழுதியது உண்மையிலேயே 5.6 தானா என்று பாருங்கள்.